ஒருவர் தயார், மற்றவர் இன்னும் இல்லை: முதல் குழந்தைக்கான காலத்தைக் கணிப்பது எப்படி?

மகப்பேறு மருத்துவரின் அறைக்குள் கணவனும் மனைவியும் ஒன்றாகத்தான் நுழைகிறார்கள். நாற்காலியில் அமர்ந்த பிறகு ஒருவர் பேசுகிறார். மற்றவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மௌனத்தைக் கண்டவுடன், இவர்கள் உடற்குறை எதற்காகவும் வரவில்லை, ஒரு வழக்கை என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். “இப்போது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாமா, நீங்களே சொல்லிவிடுங்கள் டாக்டர்” என்பதுதான் அந்த வழக்கு. எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும், வீட்டுக்குச் செல்லும் வழியில் ஒருவர் வென்றவராகவும் மற்றவர் தோற்றவராகவும் இருப்பார். ஆகவே நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் மருத்துவம் சொல்லக்கூடியவை சில உண்டு. அவற்றை அறிந்துகொண்டால் ‘இப்போது’, ‘பிறகு’ என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. அது எவ்வாறு குறைகிறது என்பதை ஒரு தம்பதியரைக் கொண்டு விளக்குகிறேன். அவர்களுடைய அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

மனைவிக்கு வயது 31. ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர். முனைவர் பட்ட ஆய்வின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். கணவருக்கு வயது 35; சொந்தத் தொழில் நடத்துபவர். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு ஜூன் மாதத்தில் வந்தார்கள். கணவர் உடனே குழந்தை வேண்டும் என்றார். மனைவி, “எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும் டாக்டர்” என்றார். “விசேஷம் ஏதும் உண்டா?” என்று உறவினர்கள் கேட்டுக் கேட்டு, இருவருக்குமே அந்தச் சொல்லின் மீது ஒரு வெறுப்பு வந்துவிட்டிருந்தது.

உடல் வைத்திருக்கும் நாட்காட்டி

முதலில் வயதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் அச்சமும் அலட்சியமும் ஒருங்கே மண்டிக் கிடக்கும் இடம் அதுதான். முப்பது வயதையொட்டிய, மாதவிலக்கு ஒழுங்காக வருகின்ற பெண்களைக் கொண்ட நூறு தம்பதியர் கருத்தடை ஏதுமின்றி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை உறவு கொண்டு வந்தால், ஒரு மாதத்தில் ஏறத்தாழ இருபது பேருக்குக் கரு தங்கும். ஓராண்டு முடிவில் 85 பேர் அளவுக்குத் தங்கியிருக்கும். மீதமுள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அடுத்த ஆண்டில் சிகிச்சையின்றியே தங்கிவிடும். முப்பதுகளின் தொடக்கத்தில் இந்த வாய்ப்பு மெல்லக் குறைகிறது. 35-க்குப் பிறகு வேகமாகவும், 40-ஐ நெருங்கும்போது மிக வேகமாகவும் குறைகிறது. கருச்சிதைவு இதற்கு நேர் எதிராக ஏறுகிறது. முப்பது வயதில் பத்துக் கருவில் ஒன்று என்ற அளவில் இருப்பது, நாற்பதைக் கடந்தபின் மூன்றில் ஒன்று என்ற அளவை எட்டுகிறது. ஆணின் வயதுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சரிவு பின்னால் தொடங்கி மெதுவாக இறங்குவது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. 31 வயதுப் பெண் ஓராண்டு காத்திருப்பதால் இழப்பது மிகச் சிறிது. 36 வயதுப் பெண் அதே ஓராண்டு காத்திருப்பதால் இழப்பது அதிகம். ‘ஓராண்டு’ என்பது எல்லாருக்கும் ஒரே அளவல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, பலரும் கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வி இருக்கிறது: மொத்தம் எத்தனை குழந்தைகள் வேண்டும்? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஒரு கணக்கீடு இங்கே பயன்படும். செயற்கைக் கருத்தரிப்பின் உதவியின்றி ஒரு குழந்தை பெறுவதற்கு 90 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால், மனைவி 32 வயதுக்குள் முயற்சியைத் தொடங்க வேண்டும். இரண்டு குழந்தைகள் வேண்டுமென்றால் 27-க்குள். 75 விழுக்காடு வாய்ப்புப் போதும் என்பவர்களுக்கு அந்த வயதுகள் முறையே 37, 34. இவை கெடு அல்ல. ஒரு மக்கள்தொகையின் சராசரி. எந்தத் தனி மனிதருக்கும் ஆரூடம் ஆகாது. ஆனாலும் முதல் குழந்தைக்கான காலத்தை இரண்டாவது குழந்தைதான் தீர்மானிக்கிறது என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

எங்கள் தம்பதியரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். இருவருமே, ஒருவரையொருவர் பார்க்காமல், “ரெண்டு” என்றார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் செய்தி அதுதான். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். மனைவி கேட்டபடி இரண்டு ஆண்டுகள் கழித்து, அதாவது 33 வயதில் தொடங்கினால், கரு தங்குவதற்கு ஒரு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம், அதன்மேல் கர்ப்பகாலம். ஆக முதல் குழந்தை அவருடைய 34, 35 வயதில் பிறக்கும். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே இரண்டாவது குழந்தைக்கான முயற்சி 36, 37 வயதில் தொடங்கும்; வாய்ப்பு வேகமாகச் சரிகின்ற காலம் அது. உடனே தொடங்கினால் அந்த இரண்டாவது முயற்சி 34, 35 வயதில் அமையும். ‘இரண்டு ஆண்டுகள்’ என்று சொல்லும்போது முயற்சி தொடங்கும் நாளை மனைவி நினைத்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த கணவர் குழந்தை பிறக்கும் நாளை நினைத்திருந்தார். ஓராண்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

ஓர் இடைக்குறிப்பு. தாமதிக்கலாமா என்பதை அறிய ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையை ஆய்வகத்தில் தாமாகவே செய்துகொண்டு வருபவர்கள் இப்போது அதிகம். கருமுட்டை இருப்பின் அளவைக் காட்டும் சோதனை அது. சிகிச்சையின்போது ஊசி மருந்துக்குச் சூலகம் எப்படி எதிர்வினை காட்டும் என்பதைக் கணிக்க எங்களுக்கு உதவுகிறது. இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அது சொல்வதில்லை. எண் குறைவாக இருப்பதால் அழுதுகொண்டு வரவும் வேண்டாம். எண் நன்றாக இருக்கிறது என்பதை ஐந்தாண்டு உரிமச்சீட்டாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். முட்டையின் தரம் வயதைச் சார்ந்தது. அதை அளக்கும் இரத்தப் பரிசோதனை இல்லை. அதுபோலவே, “தள்ளிப் போட்டால் என்ன, டெஸ்ட் டியூப் இருக்கிறதே” என்ற எண்ணமும் தவறு. 42 வயதில் எடுக்கும் முட்டைக்கு வயது 42-தான்; ஆய்வகம் அதை இளமையாக்குவதில்லை.

காத்திருக்கலாம் என்று நான் சொல்வதற்குச் சில விலக்குகள் உண்டு. மனைவிக்கு எண்டோமெட்ரியோசிஸ் நோய் இருந்தாலோ, சூலகக் கட்டிக்கு அறுவை நடந்திருந்தாலோ, இளம் வயதில் காசநோய் வந்து சிகிச்சை பெற்றிருந்தாலோ, அவருடைய தாய்க்கோ அக்காவுக்கோ நாற்பது வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றிருந்தாலோ, காத்திருப்பதற்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் காசநோய் கருக்குழாய்களைச் சத்தமின்றி அடைத்துவிடுவது அரிதன்று. கணவருக்குப் பருவ வயதுக்குப் பின் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியிருந்தாலும், சிறு வயதில் விதை கீழே இறங்காமல் அறுவை செய்யப்பட்டிருந்தாலும் அவருக்கும் இது பொருந்தும். எங்கள் தம்பதியருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

‘தயாராக இல்லை’ என்பதற்குள் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு தம்பதியரிடமும் சிறிது நேரம் தனித்தனியாகப் பேசுவது என் வழக்கம். துணைவர் எதிரில் சொல்ல முடியாதவை அப்போதுதான் வெளிவரும். மனைவியிடம் தனியே பேசியபோது, ஆய்வேட்டைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னார். பிறகு, தம் அக்காவின் பிரசவத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். குழந்தை பிறந்து அரை மணி நேரத்தில் அக்காவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. வேறு மருத்துவமனைக்கு மாற்றி, எட்டு யூனிட் இரத்தம் ஏற்றி, நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். அப்போது ஆம்புலன்ஸில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர் இவர்தான். கணவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். “அவங்களுக்குத் தெரியும், அக்காவுக்கு ரத்தம் ஏத்தினாங்கன்னு. நான் பயந்துட்டு இருக்கேன்னு தெரியாது” என்றார்.

கணவரிடம் தனியே பேசியபோது அவருடைய அவசரத்தின் காரணமும் தெரிந்தது. அவருடைய தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. தந்தை எதையும் கேட்கவில்லை. “அதான் டாக்டர் கஷ்டமா இருக்கு. கேட்டிருந்தா கோபமாவது வந்திருக்கும்” என்றார். இதை மனைவியிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அது கட்டாயப்படுத்துவதாக ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். மனைவியோ, மாமியாரின் தூண்டுதலால்தான் இவர் அவசரப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய இந்தச் செய்திகளை நான் தூது சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வாருங்கள், அதற்குள் என்னிடம் தனியாகச் சொன்னதை ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

‘தயாராக இல்லை’ என்பதில் மூன்று வகை உண்டு என்பது என் அனுபவம். முதல் வகை, முடிவுத் தேதி உள்ள காரணம்: தேர்வு, கடன் தவணை, தங்கையின் திருமணம். இரண்டாவது, தக்க தகவலும் சிகிச்சையும் கிடைத்தால் குறையக்கூடிய அச்சம். மூன்றாவது, குழந்தையே வேண்டாம் என்ற எண்ணம், அல்லது இந்தத் திருமணத்தின் மீதே உள்ள ஐயம். முதல் இரண்டுக்கும் காலம் குறிக்கலாம். மூன்றாவதற்குக் காலம் குறிக்க முடியாது. “அடுத்த வருடம்” என்ற பதில் ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வந்தால், காரணம் மாறிக்கொண்டே போனால், அது மூன்றாவது வகையாக இருக்கலாம். அதற்கு மகப்பேறு மருத்துவரைவிட மனநல ஆலோசகரே பொருத்தமானவர். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: துணைவருக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்துவதும், கருத்தடையைக் கெடுப்பதும் எந்த வகைக்கும் மருந்தல்ல. அப்படித் தங்கிய கருவோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் குழந்தை பிறந்த பிறகும் பேச்சு திரும்புவதற்கு வெகுகாலம் ஆயிற்று.

அச்சத்துக்கு மருத்துவம் செய்யக்கூடியது

இரண்டாவது முறை வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன. ஆனால் இருவருமே என்னைப் பார்த்துப் பேசினார்கள். அக்காவின் மருத்துவமனைச் சுருக்கத்தையும் கொண்டு வந்திருந்தார்கள். அதைப் படித்தபோது, பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காததால் ஏற்பட்ட இரத்தப்போக்கு என்பதும், பிரசவத்துக்கு வரும்போதே அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது என்பதும் தெரிந்தன. கருப்பை சுருங்காமை என்பது தங்கைக்கும் அப்படியே வந்தாக வேண்டிய ஒன்றல்ல. குடும்பவழி வருவது இரத்தம் உறைவதில் உள்ள குறை. எனவே அதைக் குறித்துக் கேட்டேன்: மாதவிலக்கு மிக அதிகமாகப் போகிறதா, பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் வந்ததா, சிறு அடிக்கே உடம்பில் நீலம் பாய்கிறதா? இல்லை என்றார். அக்காவுக்கும் அத்தகைய தொல்லை இருந்ததில்லை.

அவருடைய ஹீமோகுளோபின் 10.4 இருந்தது. ஃபெரிடின் அளவு குறைந்திருந்ததால் இரும்புச்சத்துக் குறைவு என்பது உறுதியாயிற்று. பிரசவத்தில் இரத்தம் போவதை முற்றிலும் தடுக்க முடியாது. ஆனால் 12 கிராமோடு பிரசவத்துக்கு வருபவர் தாங்கிக்கொள்ளும் இழப்பை 8 கிராமோடு வருபவர் தாங்குவதில்லை. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போடுவது இன்று வழக்கமான நடைமுறை. கருப்பை சுருங்குவதற்காகவே அது தரப்படுகிறது. இரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது, அக்காவின் கதையை முதல் நாளிலேயே அட்டையில் எழுதி வைப்பது ஆகிய இரண்டும் மீதமுள்ள ஆபத்தை மேலும் குறைக்கும். “பயப்படாதீர்கள்” என்று நான் சொல்லவில்லை. பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தில் சரிசெய்யக்கூடிய பகுதி எது, எவ்வளவு காலத்தில் சரியாகும் என்பதைச் சொன்னேன். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கி ஹீமோகுளோபின் ஏறவும், உடலின் சேமிப்பு நிரம்பவும் ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும்.

இந்த மூன்று மாதம் மிகவும் வசதியான ஓர் அளவு. கருவின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கும் ஃபோலிக் அமிலத்தை, கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, இயன்றால் மூன்று மாதம் முன்பிருந்தே எடுக்க வேண்டும். தினமும் 400 மைக்ரோகிராம் பெரும்பாலோருக்குப் போதும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை, முன் குழந்தைக்குக் குறைபாடு இருந்தவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் போன்றோருக்கு உரியது. உங்களுக்கு எது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரூபெல்லா எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டபின் ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தைராய்டும் சர்க்கரையும் கட்டுக்குள் வரச் சில வாரங்கள் ஆகும். கணவரின் பக்கமும் இதே அளவுதான்: ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. எனவே இன்று புகைப்பதை நிறுத்தினால் அதன் பலன் மூன்று மாதத்துக்குப் பிறகுதான் முழுமையாகத் தெரியும். எங்கள் கணவர் நாளொன்றுக்கு ஐந்தாறு சிகரெட் பிடிப்பவர். மனைவியை அவசரப்படுத்தியவர், தம் பங்குக்கு மூன்று மாத வேலை பாக்கியிருப்பதை அப்போதுதான் உணர்ந்தார்.

ஆகவே ‘உடனே’ என்று சொன்ன கணவருக்கும் எப்படியும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. மனைவி கேட்ட இரண்டு ஆண்டில் பாதிக்கு மேல் அச்சத்துக்கும், மீதி ஆய்வேட்டுக்கும் உரியதாக இருந்தது. ஆய்வேட்டின் சுருக்கத்தை அவர் அடுத்த பிப்ரவரியில் ஒப்படைக்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வில் உள்ள பெண்களுக்கு மொத்த ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்புத் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் கூறுவதை அவர் அறிந்திருக்கவில்லை. பணியிடத்தில் 26 வார ஊதிய விடுப்புக்கு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்பதையும் நினைவூட்டினேன். இவை மருத்துவரின் வேலையல்ல என்று சிலர் நினைக்கலாம். வேலை போய்விடும் என்ற அச்சத்தில் வயதைக் கடத்திவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து, இதையும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

காத்திருப்பதென்றால் ஒழுங்காகக் காத்திருங்கள்

அவர்கள் அடுத்த மார்ச் மாதத்தைக் குறித்துக்கொண்டார்கள். அது என் முடிவன்று. தாளில் அந்தத் தேதியை எழுதியவர் மனைவி, அதன் கீழே விளையாட்டாகக் கையெழுத்துப் போட்டவர் கணவர். சனவரியில் ஒருமுறை என்னை வந்து பார்ப்பது என்றும் முடிவாயிற்று. தந்தையின் உடல்நிலை மாறினால் தேதியையும் மீண்டும் பேசலாம் என்று மனைவியே சொன்னார்.

மிஞ்சியிருந்த ஒன்பது மாதத்துக்குக் கருத்தடை வேண்டும். தம்பதியர் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். ஒருவர் வேண்டும் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார், முடிவு எடுக்க முடியாததால் கருத்தடையும் அரைகுறையாகிவிடுகிறது. நாள் பார்ப்பது, கடைசி நேரத்தில் விலகுவது, தவறியபின் மறுநாள் அவசர மாத்திரை வாங்குவது என்று மாதங்கள் போகின்றன. முடிவைத் தற்செயலிடம் விட்டுவிடும் வழி இது. அப்படித் தங்கிவிட்டால், தயாராக இல்லாதவர் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். அவசர மாத்திரை தவறு நேர்ந்த ஒரு நாளுக்கானது, மாதந்தோறும் எடுப்பதற்கானதல்ல.

ஓராண்டுக்குக் குறைவான காத்திருப்புக்கு ஆணுறையும் தினசரி மாத்திரையும் பொருத்தமானவை. மாத்திரையை நிறுத்திய ஒன்று முதல் மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்குச் சினைப்பு திரும்பிவிடும். ஓராண்டுக்கு மேல் என்றால் காப்பர்-டி நல்லது. முதல் குழந்தைக்கு முன் காப்பர்-டி போடக்கூடாது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அது சரியன்று. எடுத்த மாதமே கரு தங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைக் குறுகிய காத்திருப்புக்கு நான் தருவதில்லை. அது பாதுகாப்பானதே, ஆனால் நிறுத்தியபின் கருவுறும் தன்மை திரும்புவதற்குச் சராசரியாகப் பத்து மாதம் வரை ஆகிறது. தேதி குறித்திருக்கும் தம்பதியருக்கு அந்தத் தாமதம் புதிய சண்டையைக் கொண்டுவரும். எங்கள் தம்பதியர் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முயற்சி தொடங்கியபின் எப்போது மருத்துவரிடம் வர வேண்டும் என்பதையும் முன்பே பேசிவிடுவது நல்லது. மனைவிக்கு வயது 35-க்குக் கீழ் என்றால் ஓராண்டு. 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதம். 40 என்றால் தொடக்கத்திலேயே. அப்போது பரிசோதனை இருவருக்கும்தான். கணவரின் விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது, செலவு குறைந்தது. அது முதலில் நடக்க வேண்டும். நடைமுறையில் அது கடைசியில்தான் நடக்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

சனவரியில் அவர்கள் வந்தபோது ஹீமோகுளோபின் 12.6. சிகரெட் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. நடுவில் ஒருமுறை தவறியதையும் ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் ஆய்வுச் சுருக்கம் ஒப்படைக்கப்பட்டது. மார்ச்சில் தொடங்கி ஐந்தாம் மாதத்தில் கரு தங்கியது. மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது கணவரின் தந்தை காலமானார். குழந்தை ஏப்ரலில், சுகப்பிரசவமாகப் பிறந்தது. இரத்தப்போக்கு இயல்பான அளவில்தான் இருந்தது.

முதலில் வந்த ஜூனில் ஆயத்தத்தைத் தொடங்கி, செப்டம்பரிலேயே முயன்றிருந்தால், தாத்தா பேரக்குழந்தையைக் கையில் வாங்கியிருக்கக்கூடும். அப்போதும் ஐந்தாம் மாதத்தில் தங்கியிருக்குமா, ஓராண்டு ஆகியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கைக் கணவர் போட்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கு வந்தபோது நானே மெதுவாகக் கேட்டேன். குழந்தையைத் தோளில் சாய்த்திருந்தவர், “தேதியில நானும்தானே கையெழுத்துப் போட்டேன் டாக்டர்” என்றார். மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது குழந்தை எப்போது என்று பேச்சு வந்தது. கணவர் இரண்டு ஆண்டு என்றார். மனைவி மூன்று என்றார். அவருக்கு வயது 33 ஆகப்போகிறது என்பதை நினைவுபடுத்தி, பழைய தாளைப் போலவே இன்னொரு தாளை அவர்களிடம் கொடுத்தேன். எழுதி வரும்வரைக்கும் என்று சொல்லி, அன்றே காப்பர்-டி பொருத்தி அனுப்பினேன்.